முதல் இடம் வேணும், ஆனா எவ்வளவு கொடுத்து? டார்கெட் இம்ப்ரெஷன் ஷேர் கணக்கு

இந்த எபிசோட்ல நம்பர் கொஞ்சம் உண்டு. காதுல கேட்டப்போ தப்பிப் போயிருந்தா, இங்க நிதானமா படிச்சுப் பாருங்க.

சுங்குவார்சத்திரத்துல ஒரு ஃபோர்க்லிஃப்ட் வாடகை கம்பெனி இருக்குன்னு வெச்சுக்குவோம். கம்பெனியும் அதோட நம்பர்களும் கற்பனைதான், ஊரு நிஜம். பெங்களூர் ஹைவேல கிழக்கே போனா ஸ்ரீபெரும்புதூர், அங்கிருந்து திரும்பினா ஒரகடம். செல்போன், ஃபிரிட்ஜ், கார்னு வழி முழுக்க ஃபேக்டரி. பல இடத்துல மூணு ஷிஃப்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் நின்னுபோச்சுன்னா, ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் போனை எடுத்து `forklift rental sriperumbudur`னு தேடுவார். பத்து கம்பெனியை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு நேரம் கிடையாது. மேல தெரியற முதல் நம்பருக்குக் கால் போகும்.

இந்த மாதிரி தேடல்ல மேல நிக்கறதுக்குன்னே கூகுள் ஆட்ஸ்ல ஒரு பிட்டிங் முறை இருக்கு. 2018 கடைசியில வந்தது, பேரு `Target impression share`. இதுல நீங்க மூணு விஷயம் சொல்லணும். விளம்பரம் பக்கத்துல எங்கயாவது வந்தா போதுமா, மேல்பகுதியில வரணுமா, இல்ல எல்லாத்துக்கும் மேல முதல் இடத்துல வரணுமா. நூத்துக்கு எத்தனை தடவை அப்படி வரணும். ஒரு கிளிக்குக்கு அதிகபட்சம் எவ்வளவு ஏலம் கேட்கலாம். இதுக்கு அப்புறம் ஒவ்வொரு தேடலுக்கும் ஏலத்தொகையை சிஸ்டமே ஏத்தி இறக்கும்.

இம்ப்ரெஷன் ஷேர்ங்கறது ஒரு வகுத்தல் கணக்கு. உங்க விளம்பரம் வர வாய்ப்பிருந்த தேடல் 400, வந்தது 200னா, ஷேர் 50 சதவீதம். இங்க ஒண்ணு கவனிங்க. கிளிக் பண்ணவர் ஆர்டர் கொடுத்தாரா, சும்மா பார்த்துட்டுப் போனாராங்கறது இந்தக் கணக்குல எங்கயுமே இல்ல. சிஸ்டத்துக்கு நீங்க கொடுத்த வேலை கண்ணுல படறது மட்டும்தான். இனி சொல்லப்போற எல்லா ரிஸ்க்கும் இதுல இருந்துதான் வருது.

நம்ம கம்பெனிக்கு மாசம் 400 தேடல். பழைய முறையில 200 தடவை விளம்பரம் வருது, 20 கிளிக், கிளிக்குக்கு 40 ரூபா. மொத்தச் செலவு 800. முதலாளி, “90 சதவீதம், முதல் இடம்”னு மாத்துறார். இப்போ 360 தடவை வருது. மேல நிக்கறதால கிளிக்கும் கூடி 54 ஆகுது. ஆனா கிளிக் விலை 120 ரூபா. மொத்தம் 6,480.

பத்து கிளிக்குக்கு ஒரு வாடகை ஆர்டர், ஒரு ஆர்டர்ல நிக்கற லாபம் 1,500 ரூபான்னு வெச்சுக்குவோம். ரிப்போர்ட்டைப் பார்த்தா ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு 1,200. 300 ரூபா மிச்சம், சூப்பர்னு தோணும். ஆனா மொதல்ல இருந்த 20 கிளிக் ஏற்கெனவே 800 ரூபாக்கு வந்துட்டிருந்தது. புதுசா வந்தது 34 கிளிக். அதுக்குக் கூடுதலா போனது 5,680 ரூபா. ஒரு புது கிளிக் 167 ரூபா, அப்போ ஒரு புது ஆர்டர் 1,670 ரூபா. கூடுதலா வந்த ஒவ்வொரு ஆர்டர்லயும் 170 ரூபா கைய விட்டுப் போகுது. முன்னாடி மாசம் 2,200 ரூபா நின்ன இடத்துல, இப்போ 1,620தான் நிக்குது. ஆர்டர் கூடியிருக்கு, லாபம் குறைஞ்சிருக்கு.

அதனால சராசரியைப் பார்த்து முடிவெடுக்காதீங்க. 50ல இருந்து 65, அங்கிருந்து 80னு படிப்படியா ஏத்துங்க. ஒவ்வொரு படியிலும் கூடுதல் செலவைக் கூடுதல் ஆர்டரால வகுத்துப் பாருங்க. அது ஒரு ஆர்டரோட லாபத்தைத் தாண்டுற படிதான் உங்க எல்லை.

அடுத்தது இந்த ஏரியாவுக்கே உரிய சிக்கல். இங்க ஃபோர்க்லிஃப்ட்னு தேடறவங்கள்ல வாடகைக்குக் கேக்கறவங்களோட, வேலை தேடற ஆபரேட்டர்களும் நிறைய இருப்பாங்க. கீவேர்டைப் ப்ராட் மேட்ச்ல விட்டா `forklift operator job`, `forklift licence`, `forklift salary` எல்லாமே உங்க ஏலத்துக்குள்ள வந்துடும். ஆர்டரைப் பார்த்துக் கத்துக்கற முறைகளா இருந்தா, நாளடைவுல இந்தத் தேடலுக்கு ஏலத்தைக் குறைச்சுடும். இது குறைக்காது. வேலை தேடற பையன் கண்ணுலயும் 90 சதவீதம் படணும்னு அதே வேகத்துல ஏலம் கேக்கும். அதனால இந்த முறைக்கு எக்ஸாக்ட் மேட்ச்ல நாலஞ்சு கீவேர்டு போதும். வேலை, சம்பளம், லைசென்ஸ் சம்பந்தப்பட்ட சொற்களை நெகட்டிவ் கீவேர்டா போடுங்க. சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டை வாரம் ஒரு தடவை திறந்து பாருங்க.

மூணாவது, பட்ஜெட். ரிப்போர்ட்ல `Search lost IS`னு தொடங்கற ரெண்டு காலம் இருக்கும். ஒண்ணு ரேங்க்கால தவறவிட்டது, இன்னொண்ணு பட்ஜெட்டால தவறவிட்டது. ரேங்க் நம்பர் பெருசா இருந்தா ஏலத்தொகை பத்தலை, இல்லேன்னா விளம்பரமோ அது கொண்டுபோற பக்கமோ சுமார்னு அர்த்தம். பட்ஜெட் நம்பர் பெருசா இருந்தா ஏலத்தை ஏத்தவே கூடாது. கிளிக் விலை கூடும், அன்னன்னிக்கு பட்ஜெட் இன்னும் சீக்கிரம் தீரும். பகல்லயே காசு கரைஞ்சா, அந்த ராத்திரி ரெண்டு மணித் தேடல்ல நீங்க இருக்கவே மாட்டீங்க. ராத்திரி ஷிஃப்ட்தான் முக்கியம்னா அதுக்குத் தனி கேம்பெயின், தனி பட்ஜெட் வைங்க. இன்னொண்ணு, ஒரு நாள்ல கூகுள் உங்க தினசரி பட்ஜெட்டைப் போல ரெண்டு மடங்கு வரை செலவு பண்ணலாம். மாசக் கணக்குலதான் அதைச் சரிக்கட்டும். ஒரே நாள் பில்லைப் பார்த்துப் பதறாதீங்க.

அப்போ அதிகபட்ச ஏலத்தொகைன்னு ஒண்ணு வெச்சோமே, அது எதுக்கு? அதுதான் வேலி. சாதாரணமா நீங்க சொன்ன தொகை முழுசும் போகாது, கீழ இருக்கறவரைத் தாண்டத் தேவையானது மட்டும் போகும். ஆனா பக்கத்துக் கம்பெனியும் இதே முறையில முதல் இடம் கேட்டா, ரெண்டு மெஷினும் மாத்தி மாத்தி ஏத்தி வேலி வரைக்கும் போய் நிக்கும். நம்ம கணக்குல பத்து கிளிக்குக்கு 1,500 ரூபா லாபம், அதாவது கிளிக்குக்கு 150. வேலி அதுக்குக் கீழதான் இருக்கணும். சும்மா 500னு போட்டு வைக்காதீங்க.

இந்த முறை நல்லாப் பொருந்தற இடம் உங்க சொந்தப் பேரு. உங்க கம்பெனி பேரையே போட்டுத் தேடறவர் கண்ணுல போட்டிக்காரர் மேல தெரிஞ்சா நஷ்டம். கோர்ட்டுக்குப் போகலாமேன்னு கேக்கலாம். அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் பேரை வெச்சிருக்கற டிஆர்எஸ் லாஜிஸ்டிக்ஸ், கூகுள் மேல வழக்குப் போட்டது. 2023 ஆகஸ்ட்ல டில்லி ஹைகோர்ட் டிவிஷன் பெஞ்ச் சொன்னது, அடுத்தவர் டிரேட்மார்க்கைக் கீவேர்டா வைக்கறது மட்டுமே அத்துமீறல் ஆகாது, வாடிக்கையாளர் குழம்பற மாதிரி இருந்தாதான் பிரச்சினைன்னு. அதனால காவல் உங்க கையிலதான். சொந்தப் பேருக்கு உங்க விளம்பரம்தான் பொருத்தமானதுங்கறதால கிளிக் பொதுவா மலிவாவே கிடைக்கும். ஆனா ஆக்ஷன் இன்சைட்ஸ் ரிப்போர்ட்ல வேற யாருமே அந்தப் பேருக்கு ஏலம் கேக்கலைன்னு தெரிஞ்சா, காவலுக்குச் சம்பளம் எதுக்கு? அந்தக் காசை ராத்திரி கேம்பெயினுக்கு மாத்துங்க.