தேநீர் எப்போது ஆறும்?

"டீ ஆற எவ்வளவு நேரம் ஆகும்?" என்ற கேள்விக்கு இயற்பியலில் நேரான பதில் கிடையாது. கண்டிப்பாகக் கணக்குப் போட்டால், தேநீர் அறையின் வெப்பநிலையை முழுதாகத் தொடுவதே இல்லை. நெருங்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான். ஆகவே பொறியாளர்கள் கேள்வியை மாற்றிக் கேட்கிறார்கள்: மிச்சமிருக்கும் சூட்டில் குறிப்பிட்ட பங்கு கழிய எவ்வளவு நேரம் பிடிக்கிறது? இதற்கு உறுதியான விடை உண்டு. அந்த விடையின் பெயர்தான் கால மாறிலி. கிரேக்க எழுத்தான τ-வால் அதைக் குறிப்பது வழக்கம்.

அறை வெப்பநிலை 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கோப்பையில் 150 மில்லி தேநீர், 80 டிகிரி. இங்கே 80 என்ற எண்ணைவிட, அறையைக் காட்டிலும் தேநீர் எத்தனை டிகிரி கூடுதல் என்பதே முக்கியம். அந்த வேறுபாடு 50 டிகிரி. வேறுபாடு எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில்தான் சூடு வெளியேறும். வேறுபாடு பாதியானால் வேகமும் பாதியாகும். ஐசக் நியூட்டன் இதை 1701-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் பெயர் போடாமல் வெளியிட்டார். அவருடைய தேவை வேறு. ஆளிவிதை எண்ணெய் ஊற்றிய அவரது வெப்பமானியால் உருகும் உலோகங்களின் சூட்டை அளக்க முடியாது. எனவே சிவக்கக் காய்ச்சிய இரும்பைக் காற்றோட்டத்தில் ஆறவிட்டு, ஆறுவதற்கு ஆன நேரத்தைக்கொண்டு அது முன்பு எவ்வளவு சூடாக இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட்டார்.

நம் கோப்பைக்குக் கால மாறிலி 25 நிமிடம் என்று கொள்வோம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். ஊற்றிய கணத்தில் தேநீர் நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் ஆறுகிறது. அதே வேகம் நீடித்தால் 25 நிமிடத்தில் 50 டிகிரியும் தீர்ந்துவிடும். கால மாறிலிக்கு மிக எளிய விளக்கம் இதுதான்: ஆரம்ப வேகத்திலேயே போனால் வேலை முடிய ஆகும் நேரம். ஆனால் வேகம் நீடிப்பதில்லை. சூடு குறையக் குறைய வேகமும் தளர்கிறது. 25 நிமிடம் கழித்துப் பார்த்தால் வேறுபாடு சுமார் 18 டிகிரி மிச்சமிருக்கும். தேநீர் 48 டிகிரியில் நிற்கும். இன்னும் 25 நிமிடத்தில் வேறுபாடு 7 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்த 25 நிமிடத்தில் இரண்டரை டிகிரி.

ஒவ்வொரு முறையும் மிஞ்சுவது 37 சதவீதம், கழிவது 63 சதவீதம். பாதி, கால் என்று இல்லாமல் இந்த விநோதமான எண் எதற்கு? உயர் கணிதம் இல்லாமலே இதற்கு விடை காணலாம். 25 நிமிடத்தைப் பத்துத் துண்டாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும், அப்போது இருக்கும் வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்கு கழிகிறது என்று கொண்டால், பத்து முறை கழித்தபின் 0.9-ஐப் பத்து முறை பெருக்கிய அளவு மிஞ்சும். அது 0.349. நூறு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நூறில் ஒரு பங்கைக் கழித்தால் 0.366. துண்டுகளை எவ்வளவு பொடியாக்கினாலும் விடை 0.368-ஐத் தாண்டாது. இயற்கை துண்டு போடாமல் தொடர்ச்சியாகக் கழிப்பதால் நமக்குக் கிடைப்பது அந்த 0.368.

இனி அந்த 25 நிமிடத்துக்கு வருவோம். 150 மில்லி தேநீரின் வெப்பநிலை ஒரு டிகிரி இறங்க, சுமார் 628 ஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். இது கோப்பையின் கொள்ளளவு. வெளியேறும் வழியில் ஒரு தடை இருக்கிறது: கோப்பையின் சுவர், அதை ஒட்டிய காற்று, திறந்த மேற்பரப்பு எல்லாம் சேர்ந்து, ஒரு வாட் வெப்பம் வெளியேற ஏறக்குறைய 2.4 டிகிரி வேறுபாடு தேவைப்படுகிறது என்று வைப்போம். சாதாரணக் கோப்பைக்கு இது பொருத்தமான அளவு. இரண்டையும் பெருக்கினால் 1,507 விநாடி, அதாவது 25 நிமிடம். எவ்வளவு சூடாக ஊற்றினோம் என்பது இந்தப் பெருக்கலில் எங்குமே இல்லை. 80 டிகிரியில் ஊற்றினாலும் 60 டிகிரியில் ஊற்றினாலும் கால மாறிலி அதேதான். டீக்கடையில் மாஸ்டர் டம்ளருக்கும் குவளைக்கும் இடையே நீளமாக இழுத்து ஆற்றும்போது கொள்ளளவைத் தொடுவதில்லை, தடையைத்தான் குறைக்கிறார். காற்றில் விரியும் அந்தத் தாரைக்குப் பரப்பு அதிகம் என்பதால் τ சட்டென்று சுருங்கிவிடுகிறது.

இதே பெருக்கலை மின்சாரத்தில் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். ஒரு 9 வோல்ட் பேட்டரி, 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று. மூன்றையும் தொடராக இணைக்க வேண்டும். கெப்பாசிட்டர் 16 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கக்கூடியதாக இருக்கட்டும். அதன் உடலில் கோடு போட்ட பக்கத்துக் கால் பேட்டரியின் எதிர்முனைக்குப் போக வேண்டும்.

τ = R × C = 10,000 × 0.001 = 10 விநாடி

தொடக்கத்தில் கெப்பாசிட்டர் காலி. 9 வோல்ட் முழுவதும் ரெசிஸ்டரின் மேல் விழுகிறது, மின்னோட்டம் 0.9 மில்லிஆம்பியர். கெப்பாசிட்டர் நிரம்பத் தேவையான மின்னூட்டம் 9 மில்லிகூலூம். 0.9 மில்லிஆம்பியர் தளராமல் ஓடினால் அதைச் சரியாக 10 விநாடியில் நிரப்பிவிடும். ஆனால் கெப்பாசிட்டரில் மின்னழுத்தம் ஏற ஏற, ரெசிஸ்டருக்கு மிஞ்சும் வோல்ட் குறைந்து மின்னோட்டமும் தளர்கிறது. ஆகவே 10 விநாடியில் மல்டிமீட்டர் காட்டுவது சுமார் 5.7 வோல்ட். 20 விநாடியில் 7.8, 30 விநாடியில் 8.55, 50 விநாடியில் 8.94. ஐந்து τ கடந்தால் வேலை முடிந்ததாக எடுத்துக்கொள்வது தொழில் வழக்கம்; நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் அப்போது மிச்சம். தேநீரில் இறங்குவது இங்கே ஏறுகிறது, ஆனால் "இன்னும் எட்ட வேண்டிய தூரம்" இரண்டிலும் ஒரே விதமாகச் சுருங்குகிறது. சேர்த்துவைக்கும் இடம் ஒன்று, தடையுள்ள வழி ஒன்று என்று அமைந்த எதுவும் இப்படித்தான் நடக்கும். அதற்குப் பாடப்புத்தகப் பெயர் முதல் வரிசை அமைப்பு.

இந்தச் சோதனையில் ஒரு பொறி உண்டு. ரெசிஸ்டரை 1 மெகா ஓம், கெப்பாசிட்டரை 10 மைக்ரோஃபாரட் என்று மாற்றிப் பாருங்கள். பெருக்கினால் அதே 10 விநாடிதான். ஆனால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மீட்டர் 8.2 வோல்ட்டைத் தாண்டாது. காரணம் மீட்டரேதான். டிஜிட்டல் மல்டிமீட்டருக்குள் பொதுவாக 10 மெகா ஓம் தடை இருக்கிறது. முதல் சுற்றில் அது பொருட்டே இல்லை. இங்கே ரெசிஸ்டரைவிடப் பத்து மடங்குதான் பெரிது. கெப்பாசிட்டருக்கு வந்து சேரும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு மீட்டர் வழியே கசிகிறது. அதனால் எட்டும் எல்லையும் தாழ்கிறது, கால மாறிலியும் 9.1 விநாடியாகக் குறைகிறது. கடைசி அளவு பேட்டரியின் வோல்ட்டுக்குக் கீழே நின்றுவிட்டால், எங்கோ கசிவு இருக்கிறது என்று பொருள். 63 சதவீதத்தையும் அந்தக் கடைசி அளவிலிருந்துதான் கணக்கிட வேண்டும். பேட்டரியின் 9 வோல்ட்டிலிருந்து கணக்கிட்டால் τ தவறாக வரும்.

தேநீருக்கும் இப்படி ஒரு சோதனை வைக்கலாம். சமையலறை வெப்பமானியைக் கோப்பையில் நிறுத்தி, 80-லிருந்து 55 டிகிரிக்கு இறங்க ஆகும் நேரத்தைக் குறியுங்கள்; அங்கே வேறுபாடு பாதியாகிறது. பிறகு 55-லிருந்து 42.5-க்கு இறங்கும் நேரத்தைக் குறியுங்கள், மறுபடி பாதி. நியூட்டன் சொன்னபடி நடந்தால் இரண்டு நேரமும் சமமாக இருக்க வேண்டும். நம் கணக்கில் ஒவ்வொன்றும் 17 நிமிடத்துக்குச் சற்று மேல். திறந்த கோப்பையில் அப்படி வராது. இரண்டாவது பாதி தெளிவாக நீளும். காரணம் ஆவி. 80 டிகிரியில் நீரின் ஆவியழுத்தம் 60 டிகிரியில் இருப்பதைப்போல் சுமார் 2.4 மடங்கு, வெப்பநிலை வேறுபாடோ 1.7 மடங்குகூட இல்லை. ஆக, சூடாக இருக்கும்போது ஆவி வழியாகக் கூடுதல் வெப்பம் ஓடுகிறது. தடை மாறாத எண்ணாக இல்லாமல் போகிறது, அதனால் τ-வும் மாறிலியாக நிற்பதில்லை. ஒரு தட்டைப் போட்டு மூடிவிட்டு மறுபடி அளந்தால், இரண்டு நேரங்களும் ஒன்றையொன்று நெருங்கி வரும். தடித்த பீங்கான் கோப்பையில் இன்னொரு சிக்கல்: முதல் நிமிடத்தில் தேநீர் கோப்பையைச் சூடாக்கத் தன் சூட்டைக் கொடுத்துச் சடாரென இறங்கும். அங்கே சேர்த்துவைக்கும் இடங்கள் இரண்டு, கால மாறிலிகளும் இரண்டு. கோப்பை சூடேறியபின் அளக்கத் தொடங்குவது நல்லது. பெரிய வேறுபாடுகளில் நியூட்டனின் விதி பிசகுகிறது என்பதை பிரான்சில் டூலாங், பெட்டி இருவரும் 1817-லேயே அளந்து காட்டினார்கள்.

கெப்பாசிட்டருக்கு இந்த ஆவித் தொல்லை இல்லை. அதனால்தான் மின்னணுவியல் அதைக் கடிகாரமாக்கிக்கொண்டது. ஹான்ஸ் காமென்சிண்ட் 1971-இல் வடிவமைத்த 555 என்ற சில்லு, கெப்பாசிட்டர் பேட்டரி வோல்ட்டில் மூன்றில் இரண்டு பங்கை எட்டும்வரை காத்திருந்து அணைகிறது. அந்த நேரம் 1.1 × R × C. பேட்டரி பலவீனமாகி 9 வோல்ட் 7 ஆனாலும் நேரம் அநேகமாக மாறாது. எல்லையும் அதே பங்கில் தாழ்கிறது, ஏறும் வேகமும் அதே பங்கில் தளர்கிறது. எவ்வளவு சூடாக ஊற்றினோம் என்பது τ-வில் இல்லாததுபோலவே இதுவும்.

இதை மணிக்கணக்கில் நீட்ட நினைத்தால் முடியாது. ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரும் 9 வோல்ட்டும் இருந்தால், கெப்பாசிட்டர் 6 வோல்ட்டை நெருங்கும்போது வந்து சேரும் மின்னோட்டம் 3 மைக்ரோஆம்பியர்தான். பெரிய எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்கு உள்ளேயே அந்த அளவு கசிவு சாதாரணம். கசிவும் வரவும் சமமானதும் ஏற்றம் நின்றுவிடும்; டைமர் அணையவே அணையாது. ஆகவே நீண்ட நேரத்துக்கு 4060 போன்ற சில்லைப் போடுகிறார்கள். அதில் 100 கிலோ ஓமும், கசிவு குறைந்த 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் சேர்ந்து தரும் τ வெறும் 0.1 விநாடி, ஒரு துடிப்புக்குச் சுமார் 0.22 விநாடி. சில்லு அந்தத் துடிப்புகளை எண்ணிக்கொண்டே போகிறது. 8,192-ஐ எண்ணி முடித்ததும் அதன் கடைசி வெளியீடு உயர்கிறது. அதற்குள் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.