67-ஆவது ஜிபி

2010 அக்டோபர் 4, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவில் அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஃபோர்ஸ்கொயர் என்ற கைப்பேசிச் செயலி படுத்துவிட்டது. 11 மணி நேரம் எழவில்லை. காபிக் கடையிலோ விமான நிலையத்திலோ இருப்பவர் ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று அதில் ஒரு பொத்தானைத் தட்டுவார். அதற்கு செக்-இன் என்று பெயர். ஓரிடத்துக்கு அடிக்கடி வருபவருக்கு அந்த இடத்தின் ‘மேயர்’ என்ற பட்டமும் உண்டு. அன்று யாரும் அவர்களுடைய கணினிகளைத் தாக்கவில்லை. எந்த வட்டும் பழுதாகவில்லை. செக்-இன்கள் இரண்டு சர்வர்களில் இருந்தன. ஒன்று நிரம்பி வழிந்த நேரத்தில் மற்றதில் 16 ஜிபி இடம் சும்மா கிடந்தது.

ஒரு சர்வர் போதாமல் தரவைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும்போது, ஒவ்வொரு பங்கையும் ஷார்டு என்கிறார்கள். எந்தப் பதிவு எந்த ஷார்டுக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் விவரம்தான் ஷார்டு கீ. அது தேதியாக இருக்கலாம், ஊராக இருக்கலாம், பயனர் எண்ணாக இருக்கலாம். ஃபோர்ஸ்கொயர் பயன்படுத்திய மோங்கோடிபி என்ற தரவுத்தளத்தைத் தயாரித்தது டென்ஜென் நிறுவனம். முடக்கத்துக்குப் பிறகு அதன் பொறியாளர்கள் நடந்ததை ஒளிக்காமல் எழுதி வைத்தார்கள். இந்தத் துறையில் அவ்வளவு விவரமான வாக்குமூலங்கள் அதிகம் கிடைப்பதில்லை.

அவர்கள் தேர்ந்தெடுத்த கீ பயனர் எண். முதலில் எல்லாம் 66 ஜிபி நினைவகம் கொண்ட ஒரே சர்வரில் இருந்தது. முடக்கத்துக்குச் சுமார் இரண்டு மாதம் முன்பு, பயனர் எண்களை 200 சம துண்டுகளாக வெட்டி, பாதியை அந்தச் சர்வரிலும் மீதியை அதே அளவுள்ள இன்னொன்றிலும் வைத்தார்கள். ஆளுக்கு 33 ஜிபி. ஏற்பாடு நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் அவர்கள் சமமாகப் பிரித்தது அன்றைய கையிருப்பை, வளரப்போவதை அல்ல. எல்லாப் பயனர்களும் ஒரே வேகத்தில் செக்-இன் செய்வதில்லை. சுறுசுறுப்பானவர்களின் எண்கள் ஒரு பக்கமாகக் குவிந்துவிட்டால், அந்தப் பக்கம் வேகமாகப் பருக்கும். இரண்டே மாதத்தில் முதல் ஷார்டு 67 ஜிபி, இரண்டாவது 50 ஜிபி.

66 ஜிபி நினைவகத்தில் 67 ஜிபி தரவு. ஒரு ஜிபி கூடுதலுக்கா இத்தனை பாடு என்று தோன்றும். செயலியின் வேகமே தரவு முழுவதும் நினைவகத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் கட்டப்பட்டது. இடம் தீர்ந்ததும் சில கோரிக்கைகளுக்கு வட்டிலிருந்து படிக்க வேண்டி வந்தது. வட்டு நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. ஒரு கோரிக்கை காத்திருக்கும்போது பின்னால் நூறு வந்து நிற்கின்றன. அவையும் வட்டைத்தான் கேட்கின்றன. வருவது முடிவதைவிட அதிகமானால், வரிசை தானாகக் கரைய வழியே இல்லை.

இதைக் கண்காணிப்புத் திரையில் எப்படிப் பிடிப்பது? சராசரியைப் பார்த்தால் பிடிபடாது. 67-ஐயும் 50-ஐயும் கூட்டி வகுத்தால் 58.5, சர்வருக்கு ஏழு ஜிபிக்கு மேல் மிச்சம் இருப்பதாகத் திரை சொல்லும். ஒவ்வொரு ஷார்டின் அளவையும், அது வாரத்துக்கு எவ்வளவு வளர்கிறது என்பதையும் தனித்தனியாக வரைந்து பார்த்திருந்தால், இரண்டு கோடுகளும் விலகிப் போவது முன்பே கண்ணில் பட்டிருக்கும். இன்று புதிதாக ஒரு அமைப்பைக் கட்டுபவர்களும் மொத்தச் சராசரியைத்தான் முதலில் பெரிய எழுத்தில் திரையில் போடுகிறார்கள். ஏனென்று எனக்குப் புரிந்ததில்லை.

நிரம்பியது தெரிந்ததும் மூன்றாவது சர்வரைச் சேர்த்து, முதல் ஷார்டின் 5 சதவீதத் தரவை அங்கே மாற்றினார்கள். கணக்குப்படி 67 ஜிபி 64-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஆனால் சர்வர் முன்போலவே வட்டை அரைத்துக்கொண்டிருந்தது. கீயின் இன்னொரு முகம் அப்போதுதான் தெரிந்தது. ஒரு செக்-இன் பதிவு சுமார் 300 பைட். கணினி நினைவகத்தை 4 கேபி பக்கங்களாகக் கையாள்கிறது. ஒரு பக்கத்தில் 13 பதிவுகள் அடங்கும். பதிவுகள் வந்த வரிசைப்படி எழுதப்பட்டிருந்தன, பயனர் வாரியாக அல்ல. ஆகவே ஒரு பயனரின் செக்-இன்கள் எண்ணற்ற பக்கங்களில் சிதறிக் கிடந்தன. நூற்றில் ஐந்து பயனர்களை வெளியே அனுப்பினால் ஒரு பக்கத்திலிருந்து சராசரியாக ஒரு பதிவுகூடக் குறையாது. 13-ம் போனால்தான் பக்கம் காலியாகும்; அப்படி எந்தப் பக்கமும் காலியாகவில்லை. தரவு குறைந்தது, அதற்கு வேண்டிய நினைவகம் குறையவில்லை. கடைசியில் தரவு முழுவதையும் இறுக்கி மறுபடி எழுதித்தான் மீள முடிந்தது.

அப்படியானால் வந்த வரிசையையே, அதாவது தேதியையே கீயாக வைத்திருக்கலாமே? வைத்திருந்தால் பதிவுகளை மாற்றும்போது பக்கங்கள் மொத்தமாகக் காலியாகியிருக்கும், உண்மைதான். ஆனால் இன்றைய செக்-இன்கள் அத்தனையும் கடைசி ஷார்டுக்கே போகும். பத்து சர்வர் இருந்தாலும் எழுதும் வேலை ஒன்றுக்குத்தான். மற்ற ஒன்பதும் பழைய பதிவுகளோடு உட்கார்ந்திருக்கும். ஏறிக்கொண்டே போகும் எதைக் கீயாக வைத்தாலும், அது தேதியோ வரிசை எண்ணோ, இதே கதிதான். ஆரம்பக் கட்டமைப்புகளில் நான் அதிகம் பார்க்கும் தவறான தேர்வும் இதுதான். இடத்தைக் கீயாக்கினால், ஒரு பெரிய விமான நிலையமும் ஒரு தெருமுனைக் கடையும் ஒரே எடையுள்ளவையாக நடத்தப்படும்.

பயனர் எண்ணையே வைத்துக்கொண்டு, எண்களைத் தொடராக வெட்டாமல், ஒவ்வொன்றையும் ஒரு கணிதச் சூத்திரத்தால் கலைத்துப் போடுவது நல்ல வழி. இதை ஹேஷ் என்பார்கள். 1001-ம் 1002-ம் வெவ்வேறு சர்வர்களில் போய் விழலாம். சுறுசுறுப்பானவர்கள் அடுத்தடுத்த எண்களில் இருந்தாலும் அவர்கள் சிதறிவிடுவார்கள். மோங்கோடிபியில் இந்த வசதி 2013-இல்தான் உள்ளிணைப்பாக வந்தது. இதற்கும் விலை உண்டு: அடுத்தடுத்த எண்களாக ஒரு தொகுதியை எடுக்க வேண்டுமென்றால் எல்லா சர்வர்களையும் கேட்க வேண்டும். ஒருவரின் செக்-இன்களைக் கேட்கும் செயலிக்கு அது பெரிய இழப்பில்லை. கீயை முழுவதுமாக மாற்றும் வசதி மோங்கோடிபியில் 2021-இல் வந்தது. அதுவரை தேர்ந்தெடுத்த கீயோடு வாழ வேண்டும், அல்லது தரவை வெளியே கொட்டி மீண்டும் ஏற்ற வேண்டும். அதனால் கீயை முடிவுசெய்வதற்கு முன், கையிலிருக்கும் தரவில் ஒவ்வொரு மதிப்புக்கும் எத்தனை பதிவு, எத்தனை கோரிக்கை என்று எண்ணிப் பார்ப்பது ஒரு மதிய வேலை. முதல் பத்து மதிப்புகளே பாதிக் கோரிக்கைகளை இழுக்கின்றன என்று தெரிந்தால், அந்தக் கீ வேண்டாம்.

சில சூடுகளைக் கலைப்பதால் தணிக்க முடியாது. டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலி, செய்திகளை அரட்டை அறையின் எண்ணும் பத்து நாள் கொண்ட காலத்துண்டும் சேர்ந்த கீயால் பிரித்தது. எந்தப் பகுதியும் அளவுமீறிப் பருக்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கானோர் உள்ள ஒரு குழுவில் எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு போனால், அத்தனை பேரும் அந்த நிமிடமே அந்த ஒரே பகுதியைத் திறக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே செய்தியை என்பதால், எந்தக் கீயாலும் அதைப் பிரிக்க முடியாது. அவர்கள் தரவுத்தளத்துக்கு முன்னால் ஓர் இடைநிலைச் சேவையை வைத்தார்கள். ஒரே செய்தியை ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால், அது தரவுத்தளத்திடம் ஒரு முறை கேட்டு, கிடைத்த பதிலை ஆயிரம் பேருக்கும் கொடுத்துவிடும்.