விண்ணப்பக் கடிதத்தைச் செப்பனிடுதல்

உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர், தகைமைகளைக் கூறும் பத்திரத்தோடு ஒரு முகப்புக் கடிதத்தையும் இணைத்தல் இக்கால வழக்கு. அக்கடிதக் கோப்பை ‘இம்புறூவ்’ என்னும் ஒரே சொல்லுடன் அனுப்பிவிட்டு, மறுநாளே திரும்பக் கேட்பவர் பலர். அச்சொல்லின் பொருள் தெளிவற்றது. பிழை களைவதா, சுருக்குவதா, முற்றாக மாற்றி எழுதுவதா? கேட்டறிய நேரமில்லையாயின், மிகக் குறைந்த அளவிற் கைவைப்பதே முறையாகும். ஏனெனில், நேர்முகப் பரீட்சையில் அமர்ந்து அக்கடிதத்துக்கு விடைகூற வேண்டியவர் அவரேயன்றி நாமல்லோம். கடிதம் ஒரு குரலிலும் ஆள் வேறொரு குரலிலும் பேசின், எதிரே இருப்போர் உடனே ஐயுறுவர்.

களஞ்சியக் காப்பாளர் பதவிக்கு எழுதப்பட்ட கடிதமொன்றை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் கட்டடப் பொருட் கடையொன்றில் இரண்டாண்டு வேலை பார்த்தவர். கடிதம் ஒரு முழுப் பக்கம். அதன் தொடக்கம் இது: “தங்கள் மேலான நிறுவனத்தில் வெற்றிடமாகவுள்ள பதவிக்கு விண்ணப்பிப்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகின்றேன். நான் நேர்மையும் கடின உழைப்பும் பொறுப்புணர்ச்சியும் உடையவன்.” அடுத்த பந்தி பரீட்சைப் பெறுபேறுகளைக் கூறுகின்றது. அவை பத்திரத்திலும் உள்ளன. மூன்றாம் பந்தியின் நடுவே பின்வருவது மறைந்து கிடக்கின்றது:

“மாத முடிவில் சீமெந்து மூடைகளை நானே எண்ணுவேன். ஒருமுறை புத்தகத்தில் 140, அறையில் 137. ஈரம் பட்டு இறுகிய மூன்றைப் பின்புறம் போட்டுவிட்டு எழுதாமல் விட்டதைக் கண்டேன். அன்று தொடக்கம் மூடைகளுக்குக் கீழே பலகை போட்டு அடுக்குகிறோம். அதன்பின் கணக்குகள் சரியாக இருந்தது.”

முதலில் மூலக்கோப்பின் படியொன்றைத் தனியே சேமித்தல் வேண்டும். பின்னர் Review என்னும் பகுதியில் Track Changes என்பதை இயக்கினால், நாம் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் தெரியும். ஏற்பதும் தள்ளுவதும் அனுப்பியவர் கையிலிருக்கும். அதன்பின், எதனையும் மாற்றாது முழுவதையும் படித்து, வேறெவரும் எழுதியிருக்க முடியாத வரிகளை மட்டும் குறித்துக்கொள்க. இக்கடிதத்தில் அவை மேற்காட்டிய ஐந்து வாக்கியங்களே. ‘மட்டற்ற மகிழ்ச்சி’யும் ‘கடின உழைப்பும்’ எவர் கடிதத்திலும் வரக்கூடியன; அவற்றை நீக்குக. பத்திரத்தில் உள்ளதையும் நீக்குக. குறித்த வரிகளை மேலே கொணர்க.

இனி வருவது நுட்பமான இடம். ‘கணக்குகள் சரியாக இருந்தது’ என்பது ஒருமை பன்மைப் பிழை. அதனை ‘இருந்தன’ என மாற்றுதலால் குரல் கெடாது. ஆனால் ‘பலகை போட்டு அடுக்குகிறோம்’ என்பது பிழையன்று. அவர் பேசும் முறை. அவ்வைந்தையும் திரட்டி ‘சரக்கிருப்புக் கணக்கெடுப்பில் நிலவிய முரண்பாடுகளைக் கண்டறிந்து சீர்செய்தேன்’ என்று எழுத நமக்குக் கை துறுதுறுக்கும். அங்ஙனம் எழுதின் மூடையும் பலகையும் எண்ணிக்கையும் மறைந்து, எவருடையதோ ஆகிய வாக்கியமொன்று எஞ்சும். சுருக்கமும் நயமும் பெற்றாலும் சான்று இழந்த கடிதம் அது.

குறைவான செய்தியை நாம் ஊகித்து நிரப்புதலும் ஆகாது. எத்தனை வகைப் பொருள்களுக்கு அவர் பொறுப்பாக இருந்தார் என்பது கடிதத்தில் இல்லை. அதனை ஓரக்குறிப்பில் வினாவாக எழுதி வைத்தல் போதும். அவர் விடை ‘சீமெந்து, கம்பி, வண்ணப்பூச்சு’ என வந்தது. கடிதம் பின்வருமாறு முடிந்தது:

“களஞ்சியக் காப்பாளர் பதவிக்கு விண்ணப்பிக்கின்றேன். கட்டடப் பொருட் கடையொன்றில் இரண்டாண்டாகச் சீமெந்து, கம்பி, வண்ணப்பூச்சு ஆகியவற்றுக்குப் பொறுப்பாக உள்ளேன். மாத முடிவில் மூடைகளை நானே எண்ணுவேன். ஒருமுறை புத்தகத்தில் 140, அறையில் 137. ஈரம் பட்டு இறுகிய மூன்றைப் பின்புறம் போட்டுவிட்டு எழுதாமல் விட்டதைக் கண்டேன். அன்று தொடக்கம் மூடைகளுக்குக் கீழே பலகை போட்டு அடுக்குகிறோம். அதன்பின் கணக்குகள் சரியாக இருந்தன. தங்கள் களஞ்சியத்திலும் இவ்வாறே பணியாற்ற விரும்புகின்றேன்.”

முழுப்பக்கம் கால்பக்கமாயிற்று. ஆயினும் நாம் புதிதாக இயற்றிய வாக்கியம் ஈற்றிலுள்ளது ஒன்றே. அதனையும் ஓரக்குறிப்பிற் சுட்டி, வேண்டாவிடின் நீக்குமாறு எழுதுதல் நன்று.

செம்மை பொருந்திற்றா என்பதை அறிய எளிய சோதனையொன்றுண்டு. கடிதத்தை அனுப்பியவரே உரத்து வாசிக்கட்டும். அவர் நா இடறும் இடம் பெரும்பாலும் நாம் புகுத்திய சொல்லாகவே இருக்கும். அங்கே அவருடைய பழைய சொல்லை மீட்டுவிடுக.

இம்முறைக்கும் எல்லையுண்டு. குறித்துக்கொள்ளத்தக்க ஒரு வரியேனும் இல்லாத கடிதத்தைச் சுருக்கினால், சிறிய வெறுமையே மிஞ்சும். அப்பொழுது எழுதுகோலை வைத்துவிட்டு, “சென்ற மாதம் வேலையில் என்ன செய்தீர்?” என்று கேட்டு, அவர் சொல்லும் விடையை அவர் சொற்களிலேயே எழுதச் சொல்லுதல் வேண்டும். செப்பனிடுதல் அதற்குப் பின்னரே.