கண்ணாடிச் சட்டத்தில் தொங்கும் உரிமம் செல்லுமா?

மெடிக்கல் ஷாப்பில் சாமி படத்துக்குப் பக்கத்திலோ, குளிர்பானப் பெட்டிக்குப் பின்னாலோ கண்ணாடி போட்ட காகிதங்கள் இரண்டு தொங்கும். அவைதான் டிரக் லைசென்ஸ். வாடிக்கையாளர் வந்து நிற்கும் பகுதியில், கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனையிலேயே இருக்கிறது. அலமாரிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்றால் அது பதிலாகாது.

ஏன் இரண்டு? சாதாரண மாத்திரை, டானிக்குகளுக்குப் படிவம் 20. இன்சுலின், தடுப்பூசி போன்றவற்றுக்குப் படிவம் 21. கடையில் இன்சுலின் விற்று, சுவரில் 20 மட்டும் தொங்கினால் கேள்வி கேட்கலாம். கடைப் பெயரும் கதவு எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். உரிமம் அந்த இடத்துக்குத்தான். கடை அடுத்த தெருவுக்கு மாறினால் கூடவே வராது. விற்பனையை மேற்பார்வையிடும் பார்மசிஸ்ட்டின் பெயரும் அதில் இருக்கும்.

சிக்கல் தேதியில்தான். 2017-க்கு முன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். அந்த ஆண்டு வந்த திருத்தத்துக்குப் பின் உரிமம் தொடர்ந்து செல்லும். ஆனால் ஒவ்வொரு ஐந்தாண்டும் முடியும் முன் தக்கவைப்புக் கட்டணம் கட்ட வேண்டும். தவறினால் மாதத்துக்கு இரண்டு சதவீதத் தாமதக் கட்டணத்துடன் ஆறு மாதம் வரை கட்டலாம். அதற்கும் மேல் போனால் உரிமம் ரத்தானதாகவே கருதப்படும்.

ஒரு கடைக்கு 2019 ஜூன் 10-இல் உரிமம் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூனில் கட்டணம் கட்டவில்லை, டிசம்பரும் தாண்டிவிட்டது. 2025 ஜனவரியில் போய்ப் பார்த்தாலும் சுவரில் அதே காகிதம், அதே முத்திரை. பார்த்தால் ஒன்றும் தெரியாது. கட்டணம் கட்டிய ரசீதுதான் உண்மையைச் சொல்லும்.

வாடிக்கையாளர் அந்த ரசீதைத் தேடிப் போக முடியாது. மொத்த வியாபாரி தேடித்தான் ஆக வேண்டும். உரிமம் இல்லாதவருக்கு மறுவிற்பனைக்குச் சரக்கு தரக்கூடாது என்பது அவருடைய 20-பி உரிமத்தின் நிபந்தனை. அந்த ஜனவரியில் சரக்கு இறக்கிய ஸ்டாக்கிஸ்ட்டின் உரிமமும் சேர்ந்தே ஆட்டம் காணும். கணக்குத் தொடங்கும்போது லைசென்ஸ் நகல் வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுவது இந்தத் தொழிலின் பழைய வழக்கம், அது போதாது. அடுத்த கட்டணத் தேதியை பில்லிங் கணக்கில் ஏற்றி, அந்த மாதம் ரசீது நகல் கேட்க வேண்டும். பார்ட்னர் மாறினாரா என்றும் விசாரிக்க வேண்டும். உரிமையாளர் அமைப்பு மாறினால் பழைய உரிமம் அதிகபட்சம் மூன்று மாதம்தான் ஓடும்.

வாடிக்கையாளருக்கு ஒரு எளிய வழி உண்டு. பில் கேளுங்கள். அதில் டிரக் லைசென்ஸ் எண் இருக்கும். சுவரில் உள்ளதோடு ஒத்துப் பாருங்கள். எண் வேறாக இருந்தாலோ, பில்லே தர மறுத்தாலோ, உங்கள் பகுதி மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுங்கள்.