இருட்டறையில் 10,097 பொறிகள்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டும் ஹான்ஸ் கைகரும் ஐந்து நாள் உட்கார்ந்து பொறிகளை எண்ணினார்கள். காற்று நீக்கிய குழாய்க்குள் பொலோனியம் பூசிய சின்னஞ்சிறு வட்டு. எதிரே துத்தநாக சல்பைடு திரை. பொலோனியத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஆல்ஃபா துகளும் திரையில் மோதும்போது ஒரு பொறி தோன்றி மறையும். நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருப்பவர் பொறியைக் கண்ட கணமே கையால் மின்சுற்றை மூடுவார். நகர்ந்துகொண்டிருக்கும் காகித நாடாவில் ஒரு குறி விழும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறியும் அதே நாடாவில் தானாகப் பதிவாகும்.

அவர்களுக்குத் தெரிய வேண்டியது இதுதான்: ஓர் அணு சிதைவது பக்கத்து அணுவையும் சிதையத் தூண்டுகிறதா, அல்லது ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குச் சிதைகிறதா?

நாடாவை 7.5 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எத்தனை குறி என்று எண்ணினார்கள். மொத்தம் 2,608 துண்டுகள், 10,097 பொறிகள். துண்டுக்குச் சராசரி 3.87. ஆனால் எல்லாத் துண்டிலும் நாலு நாலாக விழவில்லை. 57 துண்டுகளில் ஒரு பொறிகூட இல்லை. ஒரு துண்டில் 14 வந்திருந்தது. தூண்டுதல் ஏதுமில்லாமலே இவ்வளவு ஏற்ற இறக்கம் வருமா?

இதற்கு விடை சொல்லும் சூத்திரம், பிரெஞ்சுக் கணிதவியலாளர் சிமியோன் டெனி பாய்சானின் பெயரைத் தாங்கியது. அதன் உள்ளே நுழைய வழி எளிது. 7.5 விநாடியை நூற்றில் ஒரு விநாடிச் சில்லுகளாக நறுக்குவோம். 750 சில்லுகள் கிடைக்கும். சராசரி 3.87 என்பதால் ஒரு சில்லில் பொறி விழும் வாய்ப்பு 3.87-ஐ 750-ஆல் வகுத்தது, அதாவது 0.00516. விழாத வாய்ப்பு 0.99484. சில்லுகள் ஒன்றையொன்று பாதிக்கவில்லை என்றால், 750 சில்லும் வெறுமையாக இருக்கும் வாய்ப்பு 0.99484-ஐ 750 முறை பெருக்கினால் வருவது: ஏறத்தாழ 0.0207. சில்லை இன்னும் இன்னும் பொடியாக்கினால் அது 0.0209-இல் போய் நிற்கும். அதைத்தான் கணிதத்தில் e^(−3.87) என்று எழுதுகிறார்கள்.

2,608 துண்டுகளில் அந்தப் பங்கு 54. நாடாவில் இருந்தது 57.

மற்ற எண்ணிக்கைகளை இதிலிருந்தே ஏணிப்படி போல ஏறிக் கணக்கிடலாம். 54.4-ஐ 3.87-ஆல் பெருக்கினால் ஒரே பொறி கொண்ட துண்டுகள் 210 அல்லது 211 என்று வரும், கண்டது 203. அதை மீண்டும் 3.87-ஆல் பெருக்கி 2-ஆல் வகுத்தால் இரண்டு பொறிகளுக்கு 407, கண்டது 383. மறுபடி பெருக்கி 3-ஆல் வகுத்தால் மூன்றுக்கு 525, கண்டதும் 525. பள்ளிப் புத்தகத்தில் e^(−λ) λ^k / k! என்று நிற்கும் வாய்பாடு இந்த ஏணிதான். அணுக்கள் ஒன்றையொன்று தூண்டவில்லை என்ற முடிவுக்கு இந்தப் பொருத்தமே ஆதாரமானது. 1910-இல் வெளியான கட்டுரையில், கணக்கின் அடிப்படையை விளக்கும் குறிப்பை ஹாரி பேட்மன் எழுதினார்.

இனி அதே நாடாவை வேறு விதமாகப் பார்க்கலாம். துண்டு போடாமல், ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் உள்ள இடைவெளியை அளந்தால்? ஒரு பொறிக்குப் பிறகு அடுத்த பொறிக்கு 7.5 விநாடிக்கு மேல் காத்திருக்க நேர்கிறது என்றால், அந்த 7.5 விநாடியில் பொறியே இல்லை என்று பொருள். இரண்டும் ஒரே நிகழ்ச்சி; வாய்ப்பும் அதே 0.0209. வேறு எந்த நேரத்துக்கும் இப்படியே சொல்லலாம். விநாடிக்குச் சராசரி 0.516 பொறி, ஆகவே t விநாடிக்கு மேல் காத்திருக்கும் வாய்ப்பு e^(−0.516t). எண்ணிக்கை பாய்சான் பரவலில் இருந்தால் காத்திருப்பு நேரம் அடுக்குக்குறிப் பரவலில் இருக்கும் என்று பாடநூல் சொல்வது இந்த ஒரு வரியைத்தான். 1911-இல் பாரட், மார்ஸ்டன் இருவரும் இடைவெளிகளையே ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்கள்.

இந்த வாய்பாட்டில் எண்களைப் போட்டுப் பார்த்தால் மனக்கணக்கு தடுமாறும். இரு பொறிகளுக்கு இடையே சராசரி 1.94 விநாடி. ஆனால் நூற்றில் நாற்பது இடைவெளிகள் ஒரு விநாடிக்கும் குறைவு. சராசரியைவிட நீண்டவை 37 மட்டுமே. நிறையக் குட்டி இடைவெளிகள், நடுநடுவே சில நெடியவை. அதனால்தான் தற்செயலாக வரும் பொறிகள் கூட்டம் கூட்டமாக வருவது போலத் தெரியும். அந்தக் கூட்டத்தைக் கண்டு ஏதோ காரணம் இருக்கிறது என்று முடிவு கட்டுவதே இத்தகைய கணக்குகளில் மிகச் சாதாரணமாக நேரும் பிழை.

இன்னொன்று. ஐந்து விநாடி காத்திருந்தும் பொறி வரவில்லை. இனிச் சீக்கிரம் வந்துவிடுமா? வராது. மேற்கொண்டு காத்திருக்க வேண்டிய சராசரி நேரம் அதே 1.94 விநாடிதான். சிதையாத அணு எத்தனை காலம் சிதையாமல் இருந்தது என்பதற்குக் கணக்கு வைத்திருப்பதில்லை.

நாடாவில் விழுந்த அரை நிமிடக் குறிகள் இதை இன்னும் விசித்திரமாகக் காட்டும். ஒரு நேரக்குறியிலிருந்து அடுத்த பொறி வரை சராசரி 1.94 விநாடி. பின்னோக்கிப் போனால் முந்தைய பொறி வரையும் 1.94 விநாடி. கூட்டினால், அந்த நேரக்குறி விழுந்த இடைவெளியின் சராசரி நீளம் 3.88 விநாடி. எல்லா இடைவெளிகளின் சராசரியோ அதில் பாதி! முரண் ஏதுமில்லை. நெடிய இடைவெளி நாடாவில் அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. குத்துமதிப்பாக ஒரு புள்ளி வைத்தால் அது நெடியதில் விழவே வாய்ப்பு அதிகம். மாணவர்கள் 0.97 என்று விடை எழுதித் தவறுவதும் இங்கேதான். சீரான இடைவெளியில் வரும் பொறிக்குத்தான் பாதி நேரக் காத்திருப்பு.

பொருத்தம் அப்பழுக்கற்றது என்று சொல்லிவிட முடியாது. எட்டுப் பொறிகள் கொண்ட துண்டுகள் 68 இருக்க வேண்டும், கண்டவை 45. பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் சமமாக இருக்க வேண்டும். இங்கே சராசரி 3.87, பரவற்படி 3.70. வாய்பாட்டின்படி இருபது இடைவெளிகளில் ஒன்று பத்தில் ஒரு விநாடிக்கும் குறைவு. அவ்வளவு நெருங்கி வரும் இரு பொறிகளைக் கண்ணும் கையும் ஒன்றாகப் பதிந்திருக்கலாம். அப்படி விட்டுப்போவது பொறிகள் மிகுந்த துண்டுகளைத்தான் அதிகம் குறைக்கும், பரவற்படியும் சுருங்கும். ஆனாலும் 2,608 துண்டுகளில் இந்த அளவு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. பரவற்படியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: வீதம் மாறக் கூடாது. பொலோனியம் 138 நாளில் பாதியாகிவிடும். ஐந்து நாளில் ஏறக்குறைய 2.5 சதவீதம் குறையும். அதனால் ரூதர்ஃபோர்டும் கைகரும் வட்டைத் தினமும் திரைக்குச் சற்று அருகே நகர்த்தி வைத்தார்கள்.