ஆறிய டிபி வடுவில் வளரும் பூஞ்சைப் பந்து

ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். எட்டு வருடத்துக்கு முன்பு டிபி வந்தது. ஆறு மாதம் தவறாமல் மாத்திரை சாப்பிட்டுக் குணமானார். இப்போது சில மாதங்களாக இருமல், அசதி. உடம்பும் நாலைந்து கிலோ இளைத்திருக்கிறது. ஒரு நாள் காலையில் சளியோடு ரத்தம் வருகிறது. டிபி திரும்பிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்பகுதியில் தெரியும் நிழலை மட்டும் பார்த்து, மருத்துவரும் பழைய மாத்திரைகளையே மறுபடி எழுதிக்கொடுப்பதுண்டு. மாதங்கள் போகின்றன, ரத்தம் நிற்பதில்லை.

டிபி கிருமி செத்தாலும் அது அரித்த இடம் பழையபடி ஆவதில்லை. சிலருக்கு அங்கே சுவர் தடித்த ஒரு குழி தங்கிவிடும். காற்று வந்துபோகும், ஆனால் உள்ளே விழுந்ததை வெளியே தள்ளும் திறன் அந்தச் சுவருக்கு இருக்காது. மக்கிய வைக்கோலிலும் குப்பை எருவிலும் ஈரச் சுவரிலும் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகளை நாம் எல்லோருமே தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை அழித்துவிடும். குழிக்குள் விழுந்தவையோ முளைத்து, நூல் நூலாகப் பின்னி, சளியோடும் செத்த செல்களோடும் சேர்ந்து உருண்டையாகத் திரள்கின்றன. இதுதான் பூஞ்சைப் பந்து.

இது அபூர்வம் என்று ஒதுக்க முடியாது. 1960களில் பிரிட்டனில், டிபி குணமாகியும் 2.5 சென்டிமீட்டர் அல்லது அதைவிடப் பெரிய குழி மிஞ்சிய 544 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 11 பேரிடம் பந்துக்கான அடையாளம் எக்ஸ்ரேயில் தெரிந்தது. சில ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது அது 17 ஆக உயர்ந்திருந்தது.

நம் நோயாளிக்கு முதலில் சளியில் டிபி கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சில மணி நேரத்தில் முடிவு தரும் மரபணுப் பரிசோதனை, பழைய நோயின் செத்த கிருமியைக்கூடக் காட்டிவிடலாம். உயிருள்ள கிருமி இருக்கிறதா என்பதைச் சளியைக் கல்ச்சர் வைத்துத்தான் உறுதிசெய்ய முடியும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். கூடவே ஆஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐஜிஜி ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் தேவை. குழிக்குள் உருண்டை, அதன் மேல் பிறை வடிவில் காற்று. குப்புறப் படுக்கவைத்து எடுத்தால் சில பேருக்கு உருண்டை இடம் மாறியிருக்கும். இவையெல்லாம் பொருந்திவந்து, கல்ச்சரில் டிபி இல்லையென்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

ஒரே ஒரு குழி, தாங்கும் உடல்நிலை என்றால் அறுவை சிகிச்சையில் பந்தை முழுதாக எடுத்துவிடலாம். டிபியால் நுரையீரலே சுருங்கிப்போனவர்களுக்கு அது பெரும்பாலும் முடியாது. அவர்களுக்கு இட்ராகொனசோல் மாத்திரை, குறைந்தது ஆறு மாதம்; பலருக்கு இன்னும் அதிகம். பந்தை அது கரைப்பது அரிது. நோய் பரவுவதைத் தடுக்கும், இருமலைக் குறைக்கும், எடையைத் தேற்றும். டிபி மருந்தான ரிஃபாம்பிசினோடு சேர்த்துக் கொடுத்தால் இட்ராகொனசோல் ரத்தத்தில் தங்காது. அதனால் சந்தேகத்துக்கு இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்போம் என்பது வேலைக்கு ஆகாது.

உயிருக்கு உலைவைப்பது ரத்தப்போக்குதான். குழியின் சுவரில் ரத்தக்குழாய்கள் பருத்திருக்கும். ஒன்று வெடித்தால் ரத்தம் மூச்சுக்குழாயை நிரப்பி மூச்சையே அடைத்துவிடும். தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அந்த ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை பலரைக் காப்பாற்றுகிறது. ஆனால் வேர் உள்ளேயே இருப்பதால் மறுபடி வரக்கூடும்.

இதே பூஞ்சை வேறொரு விதமாகவும் தொல்லை தரும். பெரும்பாலும் ஆஸ்துமா உள்ளவர்களிடமும், சிலசமயம் டிபி வடு உள்ளவர்களிடமும் உடம்பு பூஞ்சைமேல் ஒவ்வாமை கொள்கிறது. இழுப்பு வரும், பழுப்பு நிறத்தில் கெட்டியான சளிக்கட்டிகள் வெளியேறும், ரத்தத்தில் ஐஜிஇ அளவு பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டும். இந்த நிழலையும் டிபி என்று எண்ணி மாத்திரை சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். இதற்கு ஸ்டீராய்டு நல்ல மருந்து. பூஞ்சைப் பந்து உள்ளவருக்கு அதே ஸ்டீராய்டை மட்டும் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்து பூஞ்சை இன்னும் பரவ வழியாகும். எது என்று தெரியாமல் மருந்து தொடங்குவது அவ்வளவு ஆபத்து.

டிபி வந்து குணமானவர் உங்கள் வீட்டில் இருந்து, அவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் இருமலோ எடை இழப்போ இருந்தால், பழைய எக்ஸ்ரேக்களோடு நெஞ்சு நோய் மருத்துவரைப் பாருங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஐஜிஜி பார்த்துவிட்டீர்களா என்று கேளுங்கள். ஒரு கிண்ணம் அளவுக்கு ரத்தம் வந்தால் காத்திருக்க வேண்டாம். எந்தப் பக்க நுரையீரலில் நோய் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.