நின்றுபோனால் மணிக்கு எவ்வளவு?

கிளவுடில் இயங்கப்போகும் மென்பொருளின் வரைபடத்தை மேசையில் விரித்துவைத்து, அதைக் கட்டியவர்களிடமே குறுக்குக் கேள்வி கேட்கும் கூட்டத்துக்கு டிசைன் ரிவ்யூ என்று பெயர். கேள்விகள் பெரும்பாலும் நான்கு பக்கத்திலிருந்து வரும். பழுது வந்தால் தாங்குமா? கூட்டம் வந்தால் வேகம் குறையாமல் ஓடுமா? மாதம் எவ்வளவு ஆகும்? உள்ளே இருக்கும் தகவல் பத்திரமாக இருக்குமா? நான்கையும் தனித்தனியே கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வரும்: நன்றாக இருக்க வேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது என்பது, ஒரு குறிப்பிட்ட வரைபடத்தை எடுத்துவைத்துக் கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்.

ஆம்னி பஸ்களுக்கு டிக்கெட் விற்கும் ஒரு தளத்தை எடுத்துக்கொள்ளலாம். தளமும் அதன் ரூபாய்க் கணக்கும் கற்பனை. தொழில்நுட்ப விவரங்கள் கற்பனையல்ல. தளம் அமேசானின் மும்பை ரீஜனில் இருக்கிறது. பக்கங்களைக் காட்டும் சர்வர்கள் நான்கு, டிக்கெட் விவரம் பதியும் டேட்டாபேஸ் ஒன்று, பணம் வாங்க வெளியிலுள்ள ஒரு பேமென்ட் கேட்வே. மாதச் செலவு 1,20,000 ரூபாய். அதில் டேட்டாபேஸின் பங்கு 40,000. உரிமையாளர் கேட்பது ஒன்றே ஒன்று: தளம் நிற்கவே கூடாது.

ரிவ்யூவில் முதலில் அந்த வாக்கியத்தை இரண்டு எண்களாக உடைப்பார்கள். தளம் விழுந்தால் எவ்வளவு நேரத்துக்குள் எழ வேண்டும் என்பது ஒன்று. விழுந்த நொடிக்கு முந்தைய எவ்வளவு நேரத்துப் பதிவுகளை இழந்தால் பொறுத்துக்கொள்ள முடியும் என்பது மற்றொன்று. இத்துறையில் இவற்றை ஆர்.டி.ஓ., ஆர்.பி.ஓ. என்பார்கள். இரண்டுக்கும் பூஜ்யம் என்று சொல்வது எளிது. ஆகவே அடுத்த கேள்வி பணத்தைப் பற்றியதாக இருக்கும்: ஒரு மணி நேரம் நின்றால் நஷ்டம் எவ்வளவு? சாதாரண நாளில் 15,000 ரூபாய் என்றும், தீபாவளி முன்பதிவு திறக்கும் நாளில் 4 லட்சம் என்றும் கணக்காளர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இனி வாதத்துக்கு அளவுகோல் கிடைத்துவிட்டது.

அளவுகோல் கிடைத்ததும் செய்யும் முதல் கணக்கு, கூட்டத்தில் பலரையும் திடுக்கிட வைப்பது. தளம் மூன்று கண்ணிகளாலான சங்கிலி. மூன்றும் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் டிக்கெட் விற்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஸோன்களில் பரப்பிய சர்வர்களுக்கு அமேசானின் ஒப்பந்தம் 99.99 விழுக்காடு இயக்கம் என்கிறது. இரண்டு ஸோன்களில் வைத்த டேட்டாபேஸுக்கு 99.95. பேமென்ட் கேட்வே 99.9 தருகிறது என்று கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 99.84 வருகிறது. பார்க்க உயர்ந்த எண்தான். 30 நாள் மாதத்தில் அது சுமார் 69 நிமிட நிறுத்தம். அதில் 43 நிமிடம் கேட்வேயின் பங்கு. உள்ளே எத்தனை லட்சம் செலவழித்தாலும் அந்த 43 நிமிடம் குறையாது. இரண்டாவது கேட்வே ஒன்றைச் சேர்த்தால் குறையும். தவிர, ஒப்பந்த எண் தவறினால் கிளவுட் நிறுவனம் தருவது அடுத்த பில்லில் ஒரு தள்ளுபடி மட்டுமே. இழந்த விற்பனையை அது ஈடுகட்டாது.

அடுத்தது டேட்டாபேஸ். மும்பை ரீஜனில் மூன்று ஸோன்கள் உள்ளன. ஒவ்வொன்றும் தனி மின்சாரமும் தனிக் குளிரூட்டலும் கொண்ட தரவு மையம் அல்லது மையங்களின் தொகுதி. ஒன்றுக்கொன்று தள்ளியிருந்தாலும் 100 கிலோமீட்டருக்குள்தான். இப்போதுள்ள ஒற்றை டேட்டாபேஸ் கெட்டுப்போனால் பேக்கப்பிலிருந்து மீட்க வேண்டும். அதற்கு மூன்று மணி நேரம் ஆகலாம்; கடைசி ஐந்து நிமிடத்துப் பதிவுகளும் போய்விடலாம். வேறொரு ஸோனில் இணைப் பிரதி ஒன்றை வைத்தால், ஒவ்வொரு டிக்கெட்டும் இரண்டு இடத்திலும் எழுதப்பட்ட பிறகே பதிவானதாகக் கணக்கு. ஒன்று விழுந்தால் மற்றது பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் பொறுப்பேற்கும். பதிவு எதுவும் தொலையாது. விலை, டேட்டாபேஸ் செலவு இரட்டிப்பு: மாதம் இன்னொரு 40,000, ஆண்டுக்கு 4.8 லட்சம்.

இது தகுமா? சாதாரண நாளில் மூன்று மணி நேரம் நின்றால் நஷ்டம் 45,000தான். ஆண்டுக்கு ஒருமுறை அப்படி நடந்தாலும் இணைப் பிரதி கட்டுப்படியாகாது. தீபாவளி முன்பதிவு நாளில் நடந்தால் நஷ்டம் 12 லட்சம்; இரண்டரை ஆண்டுச் செலவை ஒரே பகலில் விழுங்கிவிடும். ஆகவே தீர்ப்பு அந்தச் சில நாட்களைப் பொறுத்தது. இணைப் பிரதியை வேண்டும்போது சேர்த்து வேண்டாதபோது நீக்க முடியும் என்பதால், பண்டிகை மாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். கஞ்சத்தனமாகத் தோன்றினாலும் கணக்குக்கு ஒத்துவரும் யோசனை அது. அதற்கு எதிரான நியாயம் அந்த ஐந்து நிமிடப் பதிவுகளில் இருக்கிறது: பணம் கட்டிய பயணிக்குத் தளத்தில் டிக்கெட் இல்லை என்றால், அவர் எந்த மாதத்தில் வந்தாலும் சண்டைதான். கேட்வேயின் கணக்கை ஒப்பிட்டு அவற்றை மீட்டெடுக்க ஆள் இருந்தால் பண்டிகை மாத ஏற்பாடு போதும். இல்லையென்றால் ஆண்டு முழுதும் வைப்பதே நல்லது.

மும்பை ரீஜன் முழுவதுமே முடங்கினால்? அமேசானுக்கு 2022 முதல் ஹைதராபாத்திலும் ரீஜன் உண்டு. அங்கே ஒரு குட்டித் தளத்தைத் தயாராக வைக்கலாம். மாதம் 70,000 கூடும் என்று கொள்வோம். இங்கே செலவு மட்டும் எதிரி அல்ல. ஒளி கண்ணாடி இழையில் ஒரு மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். மும்பைக்கும் ஹைதராபாத்துக்கும் நேர்கோட்டில் 600 கிலோமீட்டருக்கு மேல். போய்வர குறைந்தது 6 மில்லி நொடி, கேபிள் சுற்றிப்போவதால் நடைமுறையில் அதற்கும் அதிகம். ஒரு டிக்கெட்டுக்குள் அடுத்தடுத்துப் பல பதிவுகள் உண்டு. ஒவ்வொன்றும் ஹைதராபாத்தின் ஒப்புதலுக்குக் காத்திருந்தால், அந்த பஸ்ஸின் இருக்கைப் பட்டியல் அவ்வளவு நேரமும் பூட்டிக் கிடக்கும். அதே பஸ்ஸுக்கு நிற்கும் மற்றவர்களும் காத்திருப்பார்கள். கூட்டம் மிகும் நாளில்தான் இது வலிக்கும்.

அதனால் தொலைதூரப் பிரதியைச் சற்றுப் பின்தங்கி வரும்படி விடுவதே வழக்கம். அப்படி விட்டால் மும்பை திடீரென விழும்போது கடைசிச் சில நொடிப் பதிவுகள் ஹைதராபாத்தில் இருக்காது. விற்றுப்போன இருக்கை அங்கே காலியாகத் தெரியும், இன்னொருவருக்கும் விற்கப்படும். ஆக, இரண்டாவது ரீஜனை வாங்குபவர் வேகத்தையாவது துல்லியத்தையாவது கொஞ்சம் விட்டுக்கொடுத்தாக வேண்டும். இந்தத் தளத்துக்கு அது தேவையில்லை என்பதே நியாயமான முடிவு. பத்தாண்டில் ஒருமுறை ஆறு மணி நேரம், அதுவும் பண்டிகை நாளிலேயே, ரீஜன் முடங்கினாலும் நஷ்டம் 24 லட்சம். அதைத் தடுக்கப் பத்தாண்டில் செலவாவது 84 லட்சம். வங்கிக்கோ மருத்துவமனைக்கோ இந்தக் கணக்கு வேறாக வரும்.

வேகத்துக்கு மலிவான வழி வேறு இருக்கிறது. தளத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பஸ் தேடுபவர்கள், வாங்குபவர்கள் குறைவு. தேடல் முடிவுகளைப் பத்து நொடி கேஷில் வைத்துக் காட்டினால் டேட்டாபேஸின் சுமை பெருமளவு இறங்கும். பத்து நொடிக்கு முன் காலியாக இருந்த இருக்கை இப்போது போயிருக்கலாம் என்பதால், பணம் வாங்கும் முன் டேட்டாபேஸில் ஒருமுறை சரிபார்த்தாக வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை என்று நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் கேஷ் எதைச் சேமிக்கிறது என்பது பாதுகாப்புக் கேள்வியும்கூட. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடை தாக்குதல் நெரிசலில் சிக்கியது. நெரிசலைச் சமாளிக்க அவசரமாக மாற்றிய கேஷ் விதி ஒன்று தவறாக அமைந்தது. ஒருவரின் கணக்குப் பக்கம் இன்னொருவருக்குக் காட்டப்பட்டது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் அப்படி வெளியாகின. தேடல் பக்கம் கேஷுக்குள் வரலாம், 'என் டிக்கெட்டுகள்' பக்கம் ஒருபோதும் வரக் கூடாது என்ற விதியை நெரிசல் இல்லாத நாளிலேயே எழுதிச் சோதித்துவைக்க வேண்டும்.

எஞ்சியது பேக்கப். இணைப் பிரதி இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இயந்திரம் கெட்டால் இணைப் பிரதி காப்பாற்றும். தவறான கட்டளையால் ஓர் அட்டவணை அழிந்தால், அதே நொடியில் பிரதியிலும் அது அழியும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனப் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸில் அழிப்பதாக எண்ணி முதன்மையில் அழித்துவிட்டார். வழக்கமான பேக்கப்பைத் தேடியபோது, மென்பொருள் பதிப்புப் பொருந்தாததால் அது ஓடாமலே இருந்தது தெரிந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக எடுத்துவைத்திருந்த, ஆறு மணி நேரம் பழைய பிரதி ஒன்றுதான் கைகொடுத்தது.

பேக்கப் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பது அதைவிடக் கடுமையான கேள்வி. கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் அமேசான் கட்டுப்பாட்டுப் பலகைக்குள் 2014 ஜூனில் ஒருவர் புகுந்து பணம் கேட்டார். நிறுவனம் கணக்கை மீட்க முயன்றபோது, அவர் டேட்டாவையும் பேக்கப்பையும் சேர்த்து அழித்தார். நிறுவனம் மூடப்பட்டது. பஸ் தளத்துக்கு இதன் பொருள், தினசரிப் பேக்கப்பின் நகல் வேறு கணக்கில், ஹைதராபாத்தில் இருக்க வேண்டும். குறித்த காலம்வரை யாராலும் அழிக்க முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். பேக்கப்பை மறையாக்கம் செய்த சாவியும் அந்தக் கணக்கிலேயே இருக்க வேண்டும். சாவி பழைய கணக்கில் கிடந்து அழிக்கப்பட்டால் நகல் இருந்தும் திறக்காது. இதற்கு ஆகும் செலவு சேமிப்பிடமும் நகல் அனுப்பும் கட்டணமும் மட்டும். இரண்டாவது ரீஜனில் தளம் நடத்துவதோடு ஒப்பிட்டால் மிகச் சிறிது. பூட்டின் காலத்தை 35 நாளுக்குப் பதில் தவறுதலாக 10 ஆண்டு என்று போட்டுவிட்டால், கடுமையான பூட்டு வகையில் உரிமையாளராலும் அதைத் திறக்க முடியாது, வாடகை ஓடிக்கொண்டிருக்கும். இதற்காகவே கையெழுத்துக்கு முன் அந்த எண்ணை இரண்டு பேர் படிப்பது நல்ல வழக்கம்.

வரைபடத்தில் சரியாக இருப்பது ஓட்டத்திலும் சரியாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இணைப் பிரதிக்கு மாறுவதை வேண்டுமென்றே தூண்டிப் பார்க்கும் ஒத்திகையில் அடிக்கடி வெளிப்படும் பழுது ஒன்று உண்டு. டேட்டாபேஸ் ஓரிரு நிமிடத்தில் மாறிவிடுகிறது; ஆனால் சர்வர் நிரல் பழைய முகவரியை நினைவில் வைத்துக்கொண்டு, செத்துப்போன இயந்திரத்தையே தட்டிக்கொண்டிருக்கிறது. ஜாவா நிரல்களில் இந்த முகவரி நினைவு நிரல் மறுபடி தொடங்கும்வரை நீடிக்கும்படி அமைந்திருப்பது உண்டு. 60 நொடிக்குள் அதைக் குறைக்கச் சொல்கிறது அமேசான். மாற்றம் முடிந்த நேரத்தையும் முதல் டிக்கெட் விற்ற நேரத்தையும் தனித்தனியே குறித்தால் இப்பழுது உடனே தெரிந்துவிடும்.

கூட்டத்தின் முடிவு இரண்டு பக்கத்தில் எழுதப்படும். இணைப் பிரதி உண்டு, இரண்டாவது ரீஜன் இல்லை, பேக்கப் நகல் தனிக் கணக்கில், தேடலுக்கு மட்டும் கேஷ். ஒவ்வொன்றின் அருகிலும் அதற்கான காரணமும் ரூபாய்க் கணக்கும் இருக்கும். மும்பை முழுதாக முடங்கினால் ஆறு மணி நேரம்வரை தளம் நிற்கலாம், முந்தைய பேக்கப்புக்குப் பிறகான பதிவுகளைக் கேட்வே கணக்கிலிருந்து மீட்க வேண்டியிருக்கலாம் என்ற வரியும் அதில் இருக்கும். அதன் கீழே பொறியாளர் அல்ல, உரிமையாளர் கையெழுத்திடுவார். பண்டிகை நாளின் மணி நேர நஷ்டம் 4 லட்சத்திலிருந்து 10 லட்சத்தைத் தாண்டினாலோ, கேட்வே மாறினாலோ, வேறு மாநிலத்து பஸ் நிறுவனங்கள் சேர்ந்தாலோ வரைபடம் மறுபடி மேசைக்கு வரும்.